சேவல் ஆண்பால் இல்லை

"சேவல் கூவியது. இதில் எழுவாயின் திணை, பால் கூறுக." இந்தத் தடவை திருத்திய கட்டிலும் தாளுக்குத் தாள் அதே விடை: அஃறிணை, ஆண்பால். எழுதியவர்களில் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமில்லை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களும் உண்டு. அஃறிணை என்று எழுதிய கையோடு ஆண்பால் என்று எழுதவே முடியாது. இதை எத்தனை முறை சொல்வது?

திணை முதல் கேள்வி. நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும் உயர்திணை என்கிறது. மற்ற உயிர்களும் உயிரில்லாதவையும் அஃறிணை. (குறிஞ்சி, முல்லை என்று வரும் திணை வேறு. அது பொருளிலக்கணம். தயவுசெய்து அதை இங்கே இழுத்து வராதீர்கள்.) திணையை முடிவுசெய்த பிறகுதான் பால். உயர்திணைக்குள் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணைக்குள் ஒன்றன்பால், பலவின்பால், அவ்வளவுதான். அங்கே ஆண், பெண் என்று அறையே கிடையாது.

"சேவல் ஆண்தானே சார்?" என்று கேட்கிறார்கள். ஆண்தான், யார் இல்லையென்றது? ஆனால் வினைமுற்று அதைக் கண்டுகொள்வதில்லை. சேவல் கூவியது, பேடு முட்டையிட்டது, கதவு திறந்தது. மூன்றுக்கும் ஒரே 'து'தான். சேவல் ஆண்பாலாக இருந்தால் "சேவல் கூவினான்" என்று அல்லவா சொல்லியிருப்போம்? களிறு, பிடி, காளை, பசு என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிப்பெயர்கள் தமிழில் நிறைய உண்டு. தொல்காப்பியம் அப்படிப்பட்ட பெயர்களை மரபியலில் தொகுத்தும் சொல்கிறது. அது பெயரிடும் மரபு. ஐம்பால் கணக்கில் களிறும் ஒன்றன்பால், பிடியும் ஒன்றன்பால். சில கையேடுகள் 'ஆண்பால்: காளை, பெண்பால்: பசு' என்று இரண்டு வரிசையாக அச்சிட்டு, அடுத்த பக்கத்திலேயே ஐம்பாலை விளக்குகின்றன. படிக்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

அதனால் எழுவாயின் உடலைப் பார்க்காதீர்கள். வினைமுற்றின் வாலைப் பாருங்கள். 'ஆன்' என்று முடிந்தால் ஆண்பால், 'ஆள்' என்றால் பெண்பால், 'அர்', 'ஆர்', 'ஆர்கள்' என்றால் பலர்பால், 'து' என்றால் ஒன்றன்பால், 'அ' என்றால் பலவின்பால். 'வந்தன' என்பதில் கடைசி 'அ'தான் விகுதி, அதற்கு முன்னால் இருக்கும் 'அன்' வெறும் சாரியை.

இப்படிப் பார்க்கப் பழகினால் இன்னொரு தவறும் விலகும். "மாணவியர் பாடினர்" என்பதற்குப் பெண்பால் என்று எழுதுகிறார்கள். பாடியவர்கள் அத்தனை பேரும் பெண்கள்தான், சரி. ஆனால் உயர்திணையில் ஒருவருக்கு மேல் போனால் ஆண், பெண் பிரிவு மறைந்துவிடும். அது பலர்பால். பால் என்பதில் எண்ணிக்கையும் கலந்திருக்கிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

"மாடு மேய்ந்தன" என்ற தொடரைப் பிழை என்று அடிப்பவர்களும் உண்டு. பிழையில்லை. 'மாடு' பால்பகா அஃறிணைப் பெயர். ஒன்றா பலவா என்பதை வினைதான் சொல்லும். மாடு மேய்ந்தது என்றால் ஒன்று, மாடு மேய்ந்தன என்றால் பல. "மாடுகள் மேய்ந்தது" என்பதுதான் வழு. 'கள்' போட்டுப் பலவாக்கிவிட்டு வினையில் ஒன்றாக்குவது என்ன கணக்கு? எழுத்துத் தமிழில் இன்று அதிகம் கண்ணில் படும் பால் வழு இதுதான்.

அப்புறம், வழுவமைதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள். பசுவைத் தடவிக்கொண்டே ஒருவர் "என் அம்மை வந்தாள்" என்றால் அது திணை வழுவமைதி, உண்மை. ஏன் அமைகிறது? அங்கே உவப்பு இருக்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று நன்னூல் காரணங்களைச் சொல்லியிருக்கிறது. "ஆசிரியர் வந்தார்" என்று ஒருவரைப் பலர்பால் வினையால் சொல்வதும் உயர்வு கருதித்தான். சேவல் தன் பாட்டுக்குக் கூவியதில் இவற்றில் எது இருக்கிறது?

வினாத்தாள் எடுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "நீ வந்தாய்" என்று கொடுத்துவிட்டுப் பால் கேட்காதீர்கள். தம்பியையும் 'வந்தாய்' என்போம், தங்கையையும் 'வந்தாய்' என்போம், வீட்டு நாயையும் அப்படித்தான். தன்மையிலும் முன்னிலையிலும் வினை ஆண், பெண், அஃறிணை என்று பிரித்துக் காட்டாது. கேள்வி வந்தே விட்டால், முன்னிலை ஒருமை, இருதிணைப் பொது என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.