கேரண்டியும் வாரண்டியும்: ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

மாமா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கி நாற்பதாவது மாதத்தில் படுத்துவிட்டது. பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், "கேரண்டி 36 மாதம், வாரண்டி 24 மாதம்" என்று இருந்தது. மொத்தம் அறுபது மாதம், இன்னும் இருபது பாக்கி இருக்கிறது, புது பேட்டரி சும்மா கிடைக்கும் என்று கிளம்பினார். கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு சொல்லும் பிறப்பில் ஒன்றுதான். பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் போன ஒரே சொல், வடக்குப் பிரெஞ்சு வழக்கில் 'வ' ஒலியோடும் நடுப் பிரெஞ்சு வழக்கில் 'க' ஒலியோடும் நின்றது. ஆங்கிலம் இரண்டையும் கடன் வாங்கிக்கொண்டது. வார்டனும் கார்டியனும் இப்படிப் பிரிந்த இன்னொரு ஜோடி.

ஒரே பொருளில் இரண்டு சொல் இருந்தால் வழக்கு சும்மா விடாது, ஆளுக்கொரு வேலை கொடுத்துவிடும். நம் கடைத்தெருவில் கேரண்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவார்கள். இது வியாபார வழக்குதான், சட்டத்தின் கணக்கு வேறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் கேரண்டி என்பது ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பிணை நிற்பது. மிக்சி விற்பவர் யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் வாரண்டி என்பது விற்பனையோடு ஒட்டிய துணை உறுதிமொழி. அது மீறப்பட்டால் நட்டஈடு கேட்கலாம், ஆனால் அதை மட்டும் காட்டிப் பொருளையே வேண்டாம் என்று தள்ள முடியாது.

சரி, மாமாவின் பேட்டரிக்கு வருவோம். பேட்டரியை ரிப்பேர் செய்ய முடியாது. அதனால் அந்தத் தொழிலில் வாரண்டி என்பது கழிவு விலை. இலவசமாக மாற்றும் காலம் முடிந்த பிறகு, மாதம் ஏற ஏறக் கழிவு இறங்கும் பட்டியல் ஒன்று அட்டையின் பின்பக்கம் இருக்கும். அவர் அட்டையில் 37 முதல் 42ஆம் மாதம் வரை 35 சதவீதம். புது பேட்டரியில் அச்சிட்ட விலை 16,000 ரூபாய், கழிவு 5,600, கட்ட வேண்டியது 10,400. ஆனால் அதே பேட்டரியைப் புதிதாக வாங்குகிறவருக்கு அந்தக் கடையே 13,000க்குத் தருகிறது. கழிவு அச்சிட்ட விலையில்தான் கணக்காகும் என்பதால், உண்மையில் மிஞ்சியது 2,600.

இதற்குத் தமிழ் என்ன? இரண்டுக்கும் 'உத்தரவாதம்' என்றே எழுதுகிறோம். வடமொழியில் உத்தரம் என்றால் மறுமொழி. "ஏதாவது ஆனால் நான் பதில் சொல்கிறேன்" என்று கடைக்காரர் சொல்வாரே, அதுதான் உத்தரவாதம். 'பொறுப்புறுதி' என்பதும் நல்ல சொல். ஆனால் பில்லில் எந்தச் சொல்லைப் போட்டாலும் செய்யப்போவது என்ன என்று தெரியாது. மாற்றித்தரும் உத்தரவாதம், பழுதுநீக்கும் உத்தரவாதம், கழிவு உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் மாமா ஆட்டோ பிடித்திருக்க மாட்டார்.

எக்ஸ்சேஞ்ச் அவ்வளவு சிக்கல் இல்லை, ஆனால் அதற்கும் இரண்டு முகம் உண்டு. சட்டை அளவு சேராமல் வேறு வாங்கினால் 'மாற்றிக்கொள்ளல்'. பழைய ஃபிரிட்ஜைப் போட்டு விலையைக் குறைத்துக்கொண்டால் 'பழையதற்குப் புதியது'. எக்ஸ்சேஞ்ச் உண்டு என்று பில் சொன்னால் பணம் திரும்பும் என்று பொருளில்லை.

பணம் திரும்புவது ரீஃபண்ட். லத்தீனில் 'திரும்ப ஊற்றுதல்'. சிலர் 'பணமீட்பு' என்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அடகு வைத்ததைத்தான் மீட்போம். 'மீளளிப்பு' பொருந்தும், அதைவிடப் 'பணம் திருப்பித் தரப்படும்' என்பது யாருக்கும் புரியும். அடுத்த முறை வாங்கக் கழித்துக்கொள்ளச் சொல்லித் தரும் சீட்டு ரீஃபண்ட் ஆகாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. கெடு பில்லில் குறித்திருந்தால் அது, இல்லாவிட்டால் 30 நாள்.

மாமா 10,400 கட்டிப் புது பேட்டரி எடுத்து வந்தார். அப்புறம்தான் இன்னொன்று கேட்கத் தோன்றியது: புது பேட்டரிக்கு மறுபடி 36 மாதமா? கடைக்காரர் அட்டையின் கடைசி வரியைக் காட்டினார். பழைய பேட்டரியின் மீதி 20 மாதம்தான்.