நேர்கோடு என்றால் நெகிழ்ச்சி எங்கும் ஒன்றா?

இந்த வாரமும் உயர்தரப் பொருளியல் மாணவர்களின் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தினேன். தாளுக்குத் தாள் அதே வரி: "கேள்வி வளையி நேர்கோடு, சாய்வு மாறாது, ஆகவே நெகிழ்ச்சியும் மாறாது." வருடா வருடம் இதையே வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, சாய்வு வேறு, நெகிழ்ச்சி வேறு. தொகையைக் கிலோவுக்குப் பதில் கிராமில் எழுதிப் பாருங்கள், சாய்வின் எண் ஆயிரம் மடங்கு மாறிவிடும். மாம்பழம் வாங்குகிறவர் அப்படியேதான் இருக்கிறார். நெகிழ்ச்சி கேட்பது இதைத்தான்: விலை எத்தனை சதவீதம் மாற, கேள்வித் தொகை எத்தனை சதவீதம் மாறியது? விற்பனை 20 கிலோ ஏறுகிறது என்றால், அது 30 கிலோ விற்கும் இடத்தில் பெரிய பங்கு. 70 கிலோ விற்கும் இடத்தில் சின்னப் பங்கு.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழ வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. கிலோ 400 ரூபாய் என்றால் நாளுக்கு 20 கிலோ போகிறது. 300 என்றால் 40, 200 என்றால் 60, 100 என்றால் 80. எங்கும் 100 ரூபாய் இறங்க 20 கிலோ ஏறுகிறது. சரி, நேர்கோடுதான்.

முதலில் 400இலிருந்து 300க்கு வருவோம். நடு விலை 350, நடுத் தொகை 30.

விலை மாற்றம்: 100 ÷ 350 = 28.6%
தொகை மாற்றம்: 20 ÷ 30 = 66.7%
நெகிழ்ச்சி: 66.7 ÷ 28.6 = 2.33

இனி 200இலிருந்து 100க்கு. நடு விலை 150, நடுத் தொகை 70. விலை மாற்றம் 66.7%, தொகை மாற்றம் 28.6%. நெகிழ்ச்சி 0.43. ஒரே கோட்டில் மேலே 1ஐ விடக் கூட, அதாவது நெகிழ்ச்சியுள்ள கேள்வி; கீழே 1ஐ விடக் குறைவு, அதாவது நெகிழ்ச்சியற்ற கேள்வி. இடையில் 300க்கும் 200க்கும் போட்டுப் பாருங்கள், சரியாக 1 வரும். (விலையும் தொகையும் எதிர்த்திசையில் போவதால் மூன்றுக்கும் முன்னால் மறைக் குறி உண்டு. அதை விடையில் எழுத மறக்காதீர்கள்.)

நடுப் பெறுமானம் ஏன் என்று கேட்கிறார்கள். ஆரம்ப விலையை அடியாக வைத்தால் 400இலிருந்து இறங்கும்போது 4 வரும், 300இலிருந்து ஏறும்போது 1.5 வரும். அதே இரண்டு புள்ளிக்கு இரண்டு விடை! விலை மாற்றம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது நடுவை எடுங்கள். வினா வேறு முறையைக் கேட்டால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

விடை எழுதிய பிறகு ஒரு நிமிடம் ஒதுக்கி மொத்த வருமானத்தைப் பெருக்கிப் பாருங்கள், தயவுசெய்து. 400இல் 8,000 ரூபாய், 300இல் 12,000. 200இலும் 12,000, 100இல் மறுபடி 8,000. விலை இறங்க வருமானம் ஏறினால் நெகிழ்ச்சி, மறைக் குறியை விட்டுப் பார்த்தால், 1ஐ விடக் கூட இருக்க வேண்டும். அப்படியிருந்தும் உங்கள் விடை 1ஐ விடக் குறைவு என்றால், விலையின் சதவீதத்தை மேலே போட்டிருக்கிறீர்கள்.