ராத்திரி பதினொரு மணி அழுகை

முதுநகர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இரண்டரை வயதுப் பையனைத் தூக்கி வந்தார். தூங்கி இரண்டு மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து, பின்பக்கத்தைச் சொறிகிறானாம். பாட்டி உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்பு பூச்சி மருந்தும் ஒருமுறை கொடுத்திருக்கிறார்கள். நாலு நாள் நிம்மதி, பிறகு பழைய கதை.

நூல்புழு, நம் ஊர் வழக்கில் கீரிப்பூச்சி, குடலுக்குள் முட்டையிடுவதில்லை. பிள்ளை அயர்ந்து தூங்கும்போது பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் பிசுபிசுப்பான முட்டைகளை ஆயிரக்கணக்கில் ஒட்டிவிட்டுப் போகிறது. அரிப்பு ராத்திரியில் வருவதும் தூக்கம் கலைவதும் அதனால்தான். மலத்தில் முட்டை சிக்காததற்கும் இதுவே காரணம்.

அதனால் அந்த அம்மாவிடம் இரண்டு வேலை சொன்னேன். பையன் தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் கால் கழுவுமுன், ஒட்டும் டேப்பை ஆசனவாய் ஓரத்தில் அழுத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொண்டுவாருங்கள், மூன்று நாள் தொடர்ந்து. டேப்புக்கு வேலையே வரவில்லை. முதல் ராத்திரியே வெள்ளை நூல்துண்டு மாதிரி, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று நெளிவதைப் பார்த்துவிட்டார்.

சரி, மருந்து கொடுத்தும் ஏன் திரும்பியது? ஆல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. சொறிந்த நகத்தில் ஏறிய முட்டை வாய் வழியே மறுபடி உள்ளே போகிறது. படுக்கையில் உதிர்ந்தவை இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு கிடக்கும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தவணை. இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி., ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 200 மி.கி. அதற்குக் கீழே டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

அதே நாளில் வீட்டிலுள்ள எல்லோரும் சாப்பிட வேண்டும், அரிப்பு இல்லாவிட்டாலும். இந்த அம்மா அப்போது இரண்டு மாத கர்ப்பம். அவருக்கு மட்டும் மருந்து வேண்டாம், கை சுத்தம் போதும் என்றேன். பையனுக்கு நகத்தை ஒட்ட வெட்டி, ராத்திரி ஜட்டி போட்டு, காலை எழுந்ததும் பின்பக்கம் கழுவிவிட வேண்டும். படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்து வெந்நீரில் துவைக்கச் சொன்னேன். இனிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. இந்தப் பூச்சி சர்க்கரையில் பிறப்பதில்லை.

இரண்டாவது தவணைக்கு வந்தபோது பையன் நன்றாகத் தூங்கினான். விசாரித்ததில் அப்பா மட்டும் மாத்திரையைப் போடவே இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்" என்றார். அங்கேயே தண்ணீர் கொடுத்துப் போட வைத்தேன். அவருடைய இரண்டாவது மாத்திரைக்கு இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியை அந்த அம்மா காலண்டரில் குறித்துக்கொண்டார்.