"தவறும் பட்சத்தில்" என்று மிரட்டும் கட்டண அறிவிப்பு

ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கட்டண அறிவிப்புகளை எழுதித் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு அனுப்புவது என் மேசையில்தான். 2023 பிப்ரவரியில் நான் அனுப்பிய அறிவிப்பு இது:

"இரண்டாம் பருவக் கட்டணத்தை இதுநாள்வரை செலுத்தாத மாணவ, மாணவியர் அனைவரும் 15.02.2023-க்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் தேர்வெழுத அனுமதிக்கப்படமாட்டார்கள் என்றும், அன்னாரது பெயர்கள் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்றும், இதற்குமேல் எக்காரணம் கொண்டும் காலநீட்டிப்பு வழங்கப்படமாட்டாது என்றும் இதன்மூலம் கண்டிப்புடன் தெரிவிக்கப்படுகிறது."

எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதில் தேதியை மட்டும் மாற்றினேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

அந்த வாரம் முதலாமாண்டு மாணவி ஒருவர் அப்பாவுடன் கவுன்ட்டருக்கு வந்தார். கையில் ரொக்கம். கல்விக் கடனுக்கு வங்கி ஒப்புதல் கொடுத்திருந்தது, பணம் எங்கள் கணக்குக்கு இன்னும் வரவில்லை. பெயரை நீக்கிவிடுவார்கள் என்று பயந்து, அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் ஒரு மாதம் அவகாசம் உண்டு என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. அறிவிப்பில் அது இல்லை. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா வட்டிக்கு வெச்சிருக்க மாட்டோமே சார்" என்றார் அப்பா. எட்டு நாள் கழித்து வங்கிப் பணம் வந்தது. கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் வட்டி ஓடியது.

அன்று மாலை விதிப் புத்தகத்தை எடுத்து, அறிவிப்பை ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். பெயர் நீக்கம் என்பது விதியில் இல்லவே இல்லை. கடைசித் தேதிக்குப் பிறகு இரண்டு வாரம் வரை 200 ரூபாய் அபராதத்துடன் கட்டலாம். அதற்கும் பிறகு பாக்கி இருந்தால், கட்டும் வரை ஹால் டிக்கெட் நிறுத்தப்படும். அவ்வளவுதான். நாங்கள் செய்யவே போகாத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறோம். செய்யக்கூடிய உதவியை மறைத்திருக்கிறோம்.

இதில் தமிழ் வாக்கிய அமைப்புக்கும் பங்கு உண்டு. நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "என்றும், என்றும்" என்று கோத்துக்கொண்டே போனால், எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதைத் தேட வேண்டியிருக்கிறது. அந்த அறிவிப்பில் "கட்டவும்" என்று ஒரு சொல்கூடக் கிடையாது. கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதில் தொடங்கி அதிலேயே முடிகிறது. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்ற பேச்சே இல்லை.

"15-க்குள்" என்பதும் சிக்கலான சொல். 15-ஆம் தேதி சேருமா, சேராதா? சேரும் என்றால் அலுவலகம் மூடும் வரையா, நள்ளிரவு வரையா? ஆண்டுதோறும் கவுன்ட்டரில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அடுத்தபடியாக, "நான் போன மாசமே கட்டிட்டேன், எனக்கும் இது பொருந்துமா?" என்பது. "அனைவரும்" என்ற சொல்லைப் பார்த்ததும் கட்டியவர்களும் பதறிப்போய் ரசீதோடு வரிசையில் நின்றார்கள்.

முதல் திருத்தத்தில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். 2023 செப்டம்பரில் "கட்டணத்தை விரைவில் செலுத்துமாறு கனிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினேன். அபராதத்தையும் ஹால் டிக்கெட்டையும் பற்றி எழுதினால் மிரட்டல் போல இருக்குமே என்று விட்டுவிட்டேன். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வராத மாணவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். "நீங்க சொல்லவே இல்லையே" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம். விளைவை மறைப்பது கனிவு ஆகாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். விளைவை உள்ளபடி, தேதியோடு, அது தீரும் வழியோடு சொன்னால் யாரும் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதினால்தான், என்ன நடவடிக்கையோ என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசிக்கிறார்கள்.

2024 பிப்ரவரிக்கு எழுதியது இது:

"இரண்டாம் பருவக் கட்டணம்: கடைசி நாள் பிப்ரவரி 15, வியாழக்கிழமை

இன்னும் கட்டாதவர்களுக்கு மட்டுமே இந்த அறிவிப்பு. கட்டி முடித்தவர்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

உங்கள் தொகையை மாணவர் தளத்தில் பதிவெண் கொடுத்துப் பார்க்கலாம். அங்கேயே 15-ஆம் தேதி இரவு 11.59 வரை கட்டலாம். டிராஃப்ட் கொடுப்பவர்கள் அன்று பிற்பகல் 3 மணிக்குள் கணக்குப் பிரிவு கவுன்ட்டரில் கொடுக்கவும்.

பணம் பிடிக்கப்பட்டு ரசீது வரவில்லையா? மறுபடி கட்ட வேண்டாம். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் கவுன்ட்டரில் காட்டவும்.

கல்விக் கடனோ உதவித்தொகையோ வர வேண்டியிருந்தால், வங்கியின் ஒப்புதல் கடிதத்துடன் அல்லது உதவித்தொகை விண்ணப்ப நகலுடன் 15-ஆம் தேதிக்கு முன் வாருங்கள். மார்ச் 15 வரை அபராதம் இல்லாமல் அவகாசம் தருகிறோம்.

பிப்ரவரி 16 முதல் 29 வரை கட்டினால் 200 ரூபாய் அபராதம் சேரும். அதற்குப் பிறகும் பாக்கி இருந்தால், கட்டும் வரை ஹால் டிக்கெட் கிடைக்காது. கட்டிய மறுநாள் கிடைக்கும். வகுப்புக்கு வர எந்தத் தடையும் இல்லை."

வரிசையைக் கவனியுங்கள். யாருக்கு, எப்போது, எப்படி என்பதெல்லாம் முதலில். முடியாதவர்களுக்கான வழி அதற்கடுத்து. அதைச் சொன்ன பிறகே அபராதம். "வழங்கப்படும்" என்று எழுதினால் யார் வழங்குவது என்று தெரியாது. "தருகிறோம்" என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரிகிறது.

நிதி அலுவலர் கையெழுத்துப் போடத் தயங்கினார். "கடுமையா எழுதினாத்தான் கட்டுவாங்க" என்றார். நான் பழைய கோப்பைக் காட்டினேன். "எக்காரணம் கொண்டும் காலநீட்டிப்பு இல்லை" என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதியிருக்கிறோம். மூன்று ஆண்டும் அதன் கீழேயே காலநீட்டிப்புச் சுற்றறிக்கை கோக்கப்பட்டிருந்தது. பயப்படக்கூடாதவர்கள் பயந்தார்கள், பழகிப்போன சீனியர்கள் நீட்டிப்பு வரும் என்று காத்திருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பலகையில் ஒட்டும் முன் நூலக வாசலில் நின்று ஐந்து முதலாமாண்டு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை; கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க ஃப்ரெண்டுக்கு லோன் இன்னும் வரலை. அவங்க என்ன பண்ணணும், எப்போ?" என்று கேட்டேன். இரண்டு பேர் மார்ச் 15-ஆம் தேதி கடிதத்தோடு வந்தால் போதும் என்றார்கள். முதல் வடிவில் "15-ஆம் தேதிக்கு முன்" என்பது வாக்கியத்தின் கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை "வாருங்கள்" என்பதற்குப் பக்கத்தில் நகர்த்தி, அவகாசத்தைத் தனி வாக்கியமாக்கினேன். அடுத்து வேறு ஐந்து பேரிடம் கேட்டபோது ஐவரும் சரியாகச் சொன்னார்கள்.

கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டும் வழக்கத்தையும் அந்தப் பருவத்தோடு நிறுத்தினோம். எந்தப் பிள்ளையின் வீட்டில் பணம் இல்லை என்பது வகுப்புக்கே தெரிய வேண்டியதில்லை. இப்போது கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, பாக்கி உள்ளவர்களின் செல்பேசிக்கு மட்டும் தொகையும் தேதியும் போகின்றன.

அறிவிப்பை மாற்றியதால் கட்டணம் குறையவில்லை. பணம் இல்லாத வீட்டில் பணம் வந்துவிடவும் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் கடன் கடிதத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் கடைசித் தேதிக்கு முன்பே வந்தார்கள்; முன்பெல்லாம் ஹால் டிக்கெட் நின்ற பிறகுதான் வருவார்கள். விடுதிக் கட்டண அறிவிப்பு வேறு பிரிவில் தயாராகிறது. அது இன்னமும் "தவறும் பட்சத்தில்" என்றே இருக்கிறது. தேதியும் எங்கள் தேதியோடு ஒத்துப்போவதில்லை. இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவர வார்டனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.