பிறர்புகை: சிகரெட் அணைந்த பிறகும் அறையில் தங்குவது எது?

‘பாசிவ் ஸ்மோக்கிங்’ என்பதைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ‘செயலற்ற புகைபிடித்தல்’, ‘மறைமுகப் புகைபிடித்தல்’, ‘இரண்டாம் நிலைப் புகை’ என்று மூன்று வடிவங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. மூன்றுமே புரிகிறது, ஆனால் மூன்றிலும் யார் விட்ட புகை என்ற முக்கியமான விஷயம் இல்லை. அதனால் நான் ‘பிறர்புகை’ என்று எழுதுகிறேன். அடுத்தவர் சிகரெட்டிலிருந்து வந்து நம் மூச்சில் ஏறும் புகை என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

‘பாசிவ் ஸ்மோக்கிங்’ என்ற சொல்லைப் பரவலாக்கியவர் பிரிட்ஸ் லிக்கின்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1930களில் புகையிலையின் தீமைகளைத் திரட்டி எழுதியபோது அவர் ‘பஸிவ்ரௌகன்’ என்ற ஜெர்மன் சொல்லைப் பயன்படுத்தினார். அதில் உள்ள ‘பாசிவ்’ லத்தீன் மூலத்தில் சும்மா இருப்பதைக் குறிப்பதல்ல, ஒன்றைத் தாங்குவதை, அதற்கு ஆட்படுவதைக் குறிப்பது. இலக்கணத்தில் ‘செயப்பாட்டு வினை’ என்று சொல்கிறோமே, அந்தப் ‘படு’தான் சரியான பொருள். ‘செயலற்ற’ என்று எழுதும்போது பாதிக்கப்படுபவர் ஏதோ செய்யாமல் விட்டவர் போல ஆகிவிடுகிறது. 1981இல் ஜப்பானில் தகேஷி ஹிராயாமா வெளியிட்ட ஆய்வில், புகைபிடிக்காத மனைவியரிடையே, கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ அவ்வளவு அதிகமாக நுரையீரல் புற்றுநோய் இறப்பு இருந்தது தெரிந்தது. அந்தப் பெண்களைச் ‘செயலற்றவர்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்ற சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘புகை’ நம் சொல். மலையாளத்தில் புக, தெலுங்கில் பொக, கன்னடத்தில் ஹொகெ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிக்குப் ‘புகையிலை’ என்று நம் முன்னோர் பெயர் வைத்தது இதைக்கொண்டுதான். ‘சுருட்டு’ இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது. ‘சிகரெட்’ பிரெஞ்சுச் சொல், சின்னச் சுருட்டு என்று பொருள். ‘வெண்சுருட்டு’ என்ற தமிழாக்கம் அகராதியில் இருக்கிறது. ஆனால் பெட்டிக்கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, அதனால் சிகரெட் என்றே எழுதுகிறேன்.

சரி, பிறர்புகை எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பது, புகைப்பவர் வாயிலிருந்து ஊதி விடுவதுதான் அது என்று. அது சின்னப் பங்குதான். ஒரு சிகரெட் எரிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது. அதில் அவர் இழுப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு விநாடி. கூட்டிப் பார்த்தால் அரை நிமிடம்கூட வராது. மீதி ஒன்பதரை நிமிடமும் சிகரெட் விரல் இடுக்கிலோ ஆஷ்டிரேயிலோ தானாகக் கனன்றுகொண்டிருக்கிறது. அந்தக் கங்கு நுனியிலிருந்து எழும் புகைதான் பிறர்புகையில் சுமார் 85 சதவீதம். ஆங்கிலச் சொல்லை ஒட்டி இதைப் ‘பக்கப் புகை’ என்கிறார்கள். எனக்குக் ‘கங்குப்புகை’ பிடித்திருக்கிறது, எங்கிருந்து கிளம்புகிறது என்று அதுவே சொல்லிவிடும். உறிஞ்சி உள்ளே போவதை ‘இழுப்புப்புகை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டையும் கண்ணாலேயே பிரித்துப் பார்க்க முடியும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒருவர் புகைக்கும்போது கவனியுங்கள். கங்கிலிருந்து நூல்போல ஏறும் புகை நீலம் கலந்திருக்கும். வாயிலிருந்து வருவது வெள்ளைச் சாம்பல் நிறமாக இருக்கும். கங்குப்புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. நுரையீரலுக்குள் போய் வந்த துகள்களோ அங்குள்ள ஈரத்தை வாங்கிப் பருத்துவிடுகின்றன, அதனால் வெளுத்துத் தெரிகின்றன.

இரண்டின் வேதியியலும் ஒன்றல்ல. இழுக்கும்போது காற்று வேகமாக உள்ளே பாய்வதால் கங்கு சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். இழுக்காதபோது வெப்பம் அதைவிட நூறு டிகிரிக்கும் மேல் குறைந்துவிடும், காற்றும் குறைவாகத்தான் கிடைக்கும். அரைகுறையாக எரியும் எதுவும் அதிக நச்சை விடும். அதனால் எடைக்கு எடை பார்த்தால் கங்குப்புகையில் கார்பன் மோனாக்சைடும் அம்மோனியாவும் புற்றுநோய் உண்டாக்கும் சில நைட்ரோசமைன்களும் இழுப்புப்புகையைவிட அதிகம். இதில் பில்டரும் உதவாது, ஏனென்றால் இந்தப் புகை பில்டர் வழியாக வருவதே இல்லை.

புகைக்குள் 7000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன, ஏறக்குறைய 70 புற்றுநோய்க் காரணிகள். எல்லாவற்றையும் பட்டியல் போடுவதைவிட அவை எந்த வடிவில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதே அறையைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு பகுதி வாயு: கார்பன் மோனாக்சைடு, பென்சீன், பார்மால்டிஹைடு, கண்ணை எரியவைக்கும் அக்ரோலின். இன்னொரு பகுதி துகள். ‘டார்’ என்று வழங்கும் சொல் இந்தத் துகள்களைத்தான் குறிக்கிறது. அதற்கும் ரோட்டில் போடும் தாருக்கும் சம்பந்தமில்லை. புகையை வடிதாளில் பிடித்து, அதிலிருந்து நீரையும் நிக்கோட்டினையும் கழித்தால் மிஞ்சும் பழுப்புப் பிசுபிசுப்புக்குத்தான் அந்தப் பெயர். நிக்கோட்டின் கங்குப்புகையில் பெரும்பாலும் ஆவியாகி வாயுவாகத் திரிகிறது, கடைசியில் சுவரில் போய் ஒட்டுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து படுக்கையறை, பத்தடி உயரம், மொத்தம் 28 கன மீட்டர் காற்று. கதவும் ஜன்னலும் மூடியிருக்கின்றன, ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது. ஒரு சிகரெட் ஏறக்குறைய 10 மில்லிகிராம் நுண்துகளை அறைக்குள் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பரவிக் கலந்ததும் ஒரு கன மீட்டரில் சுமார் 360 மைக்ரோகிராம். இந்தியாவின் 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 60, உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை 15. இந்த வரம்புகள் ஒரு நாள் முழுவதற்குமானவை, ஒரு மணி நேரத்துக்கானவை அல்ல. ஆனாலும் அளவு எங்கே நிற்கிறது என்பதற்கு அவை நல்ல அளவுகோல்.

இந்தத் துகள்கள் தூசி மாதிரி தரையில் படிந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இவற்றின் விட்டம் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மைக்ரான். அந்த அளவுள்ள துகள் அசையாத காற்றில்கூட ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அறையில் காற்று அசையாமலும் இருப்பதில்லை. மின்விசிறி, ஏசி, மனித உடம்பின் வெப்பம் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அதனால் புகை வெளியேற உண்மையான வழி ஒன்றுதான்: உள்காற்று போய் வெளிக்காற்று வருவது.

மூடிய அறையில் அது கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் கசிந்தால்தான் உண்டு. மணிக்கு அரை அறைக் காற்று மாறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். ‘அப்போ இரண்டு மணி நேரத்தில் சுத்தமாகிவிடும்’ என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் உள்ளே வரும் நல்ல காற்று புகையோடு கலந்துவிடுகிறது, வெளியே போவதும் அந்தக் கலவைதான். ஒவ்வொரு நேரமும் இருப்பதில் ஒரு பங்குதான் போகும். கணக்கிட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு முறை பாதியாகிறது: 360, 180, 90, 45, 22, 11. இரவு பத்து மணிக்கு ஒரு சிகரெட் பிடித்தால் 15க்குக் கீழே வர விடியற்காலை நான்கு தாண்டிவிடும். கொஞ்சம் துகள் சுவரில் ஒட்டும், அதைச் சேர்த்தால் ஒரு மணி நேரம் முன்னே வரலாம். அதற்குள் இன்னொரு சிகரெட் பிடித்தால் மிச்சமிருப்பதன் மேல் இது ஏறும். அதே அறையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மணிக்கு ஐந்து தடவை காற்று மாறினால் ஏறக்குறைய நாற்பது நிமிடம் போதும். அந்த நாற்பது நிமிடமும் உள்ளே இருப்பவர் அதைச் சுவாசித்தபடிதான் இருக்கிறார்.

ஏசி போட்டிருக்கிறோமே என்று நம்பிக்கையோடு இருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே உள்ளே இழுத்துக் குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டித் திரும்ப விடுகிறது. முன்பக்க மூடியைத் திறந்தால் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் வலை பஞ்சையும் தலைமுடியையும் பிடிக்கும், புகைத் துகள் அதன் கண்ணிகளில் ஊர்க்கோயில் வாசலில் ஆள் நுழைவதுபோல நுழைந்துவிடும். ஹெப்பா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் துகளைக் குறைக்கும், உண்மைதான். கார்பன் மோனாக்சைடு அதில் நிற்காது. 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை சொன்னதும் இதுதான்: தனிப் பகுதி ஒதுக்குவதாலோ காற்றைச் சுத்திகரிப்பதாலோ காற்றோட்டம் தருவதாலோ பிறர்புகையை முழுதாகத் தடுக்க முடியாது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. நம் படுக்கையறைக்கு அந்தச் சட்டம் வராது.

வாசனை போய்விட்டது என்பதும் அளவுகோல் அல்ல. மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். அறையில் இருப்பவருக்குத் தெரியாது, வெளியிலிருந்து வருபவர் வாசலிலேயே முகம் சுளிப்பார். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் ஒளிக்கற்றையில் புகை சுழல்வது தெரியும். நுண்துகள் மீட்டர் இருந்தால் அதன் எண் இன்னும் நேராகச் சொல்லும்.

துகள் போன பிறகு மிஞ்சுவதற்கு இன்னொரு பெயர் வந்திருக்கிறது, ‘தேர்டுஹேண்ட் ஸ்மோக்’. 2009 வாக்கில்தான் இது புழக்கத்துக்கு வந்தது. தமிழில் ‘மூன்றாம் நிலைப் புகை’ என்று எண் போட்டு எழுதுவதைவிடப் ‘படிபுகை’ என்று எழுதலாம், அது செய்வதே படிவதுதான். சுவர், திரைச்சீலை, மெத்தை, தலையணை எல்லாம் நிக்கோட்டினைப் பிடித்துவைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் காற்றில் விடும். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பரப்பில் ஒட்டிய நிக்கோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புதிதாக நைட்ரோசமைன்களை உண்டாக்குகிறது என்று காட்டியது. எரிவாயு அடுப்பும் அந்த அமிலத்துக்கு ஒரு மூலம். தரையில் தவழ்ந்து, தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகப் போய்ச் சேரும்.

பழைய வாடகை வீட்டுச் சுவரில் காலண்டரைக் கழற்றினால் அடியில் வெள்ளையாகவும் சுற்றிலும் மஞ்சளாகவும் இருந்தால், அங்கே பல காலம் புகைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அதன் மேல் அப்படியே எமல்ஷன் அடித்தால் சில நாளில் மஞ்சள் கறை திரும்ப மேலே ஊறி வரும். முதலில் சோப்புத் தண்ணீரால் சுவரைக் கழுவி, துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, கறையை அடைக்கும் பிரைமர் பூசிய பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். திரைச்சீலையைத் துவைக்கலாம். மெத்தையையும் பஞ்சுத் தலையணையையும் கழுவ வழி இல்லை, அவற்றை மாற்றத்தான் வேண்டும்.