குறுக்குப் புலங்களில் எலக்ட்ரானும் புரோட்டானும் ஒரே பக்கம்தான் நகர்கின்றன

இந்தப் பருவத் தேர்வின் இயற்பியல் விடைத்தாள்களைச் சென்னையில் திருத்தி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள வெற்றிடத்தில் ஓய்வு நிலையிலிருந்து விடப்படும் எலக்ட்ரான் எப்படி நகரும், அதே இடத்தில் புரோட்டானை விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. தாளுக்குத் தாள் ஒரே பதில் வந்துகொண்டிருந்தது: எலக்ட்ரான் ஒரு பக்கமும் புரோட்டான் அதற்கு எதிர்ப்பக்கமும் இழுபடும், புரோட்டான் கனமானது என்பதால் மெதுவாக நகரும். இரண்டு கூற்றுகளும் தவறு. நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இதையே எழுதுகிறார்கள் என்பதால், பிழையின் வேர் அவர்களுடைய உழைப்பில் இல்லை, நாம் பாடம் நடத்தும் விதத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு இணைத் தகடுகளை வைத்து, அவற்றுக்கிடையே 50 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், மின்புலம் ஒரு மீட்டருக்கு 1000 வோல்ட் ஆகும். மின்புலத்துக்குச் செங்குத்தாக, தகடுகளுக்கு இணையாக 0.01 டெஸ்லா காந்தப்புலம் இருக்கட்டும். கரும்பலகையில் வரைந்துகொள்வதாயின், மின்புலம் மேல்நோக்கியும், காந்தப்புலம் பலகையிலிருந்து நம்மை நோக்கி வெளியேயும் இருக்கின்றன. எதிர்த்தகட்டை ஒட்டி ஓர் எலக்ட்ரானும், நேர்த்தகட்டை ஒட்டி ஒரு புரோட்டானும் ஓய்வு நிலையிலிருந்து விடப்படுகின்றன.

மின்புலம் மேல்நோக்கி இருப்பதால் நேர்த்தகடு கீழே இருக்கிறது. புரோட்டான் அங்கிருந்து மேல்நோக்கிப் புறப்படுகிறது. வேகம் பிறந்த கணமே காந்தவிசையும் பிறக்கிறது. மேல்நோக்கிச் செல்லும் புரோட்டானை அது வலப்பக்கம் திருப்புகிறது. வலப்பக்கம் திரும்பிய புரோட்டானைக் காந்தவிசை இப்போது கீழ்நோக்கித் தள்ளுகிறது. பாதையின் உச்சியில் துகளின் வேகம், மின்புலம் E-ஐக் காந்தப்புலம் B-ஆல் வகுத்துவரும் E/B என்ற அளவைப் போல இரு மடங்காக இருக்கும். அங்கே மேல்நோக்கிய மின்விசை qE, கீழ்நோக்கிய காந்தவிசை 2qE. ஆகவே துகள் கீழே இறங்குகிறது, இறங்கும்போது மின்புலத்திடம் பெற்ற ஆற்றல் முழுவதையும் திருப்பிக் கொடுக்கிறது, புறப்பட்ட மட்டத்துக்கு வந்ததும் கணநேரம் ஓய்வடைகிறது, பிறகு அடுத்த வளைவைத் தொடங்குகிறது. சாலையில் உருளும் மிதிவண்டிச் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு புள்ளி வரைகிற அதே சைக்ளாய்டு பாதைதான் இது.

இனி எலக்ட்ரானைக் கவனியுங்கள்; மாணவர்கள் சறுக்குவது இங்கேதான் என்பதால் அவசரமில்லாமல் படிக்க வேண்டுகிறேன். மின்னூட்டம் எதிர்க்குறி உடையது என்பதால் எலக்ட்ரான் முதலில் கீழ்நோக்கிப் போகிறது. அதாவது, அதன் திசைவேகத்தின் திசை புரோட்டானுடையதற்கு நேர்மாறு. காந்தவிசையோ திசைவேகம், மின்னூட்டம் ஆகிய இரண்டையும் சார்ந்தது. இங்கே இரண்டுமே குறி மாறிவிட்டன. இருமுறை மாறிய குறி பழைய குறிதான். ஆகவே கீழ்நோக்கிப் போகும் எலக்ட்ரானும் வலப்பக்கமே திருப்பப்படுகிறது. வலப்பக்கம் திரும்பிய எலக்ட்ரானை அதன் எதிர் மின்னூட்டம் காரணமாகக் காந்தவிசை மேல்நோக்கித் தள்ளுகிறது. அது புறப்பட்ட மட்டத்துக்கே திரும்புகிறது. புரோட்டானின் வளைவுகள் புறப்பட்ட கோட்டுக்கு மேலேயும், எலக்ட்ரானின் வளைவுகள் கோட்டுக்குக் கீழேயும் அமைகின்றன. ஒன்று இடஞ்சுழியாகவும் மற்றொன்று வலஞ்சுழியாகவும் சுற்றுகிறது. ஆயினும் இரண்டும் போய்ச்சேரும் பக்கம் ஒன்றே. சுழற்சியின் திசை மாறுவதைப் பார்த்துவிட்டு நகர்வின் திசையும் மாறும் என்று முடிவுகட்டுவதே பிழையின் முதல் பாதி.

மறுபாதி மின்கம்பியிலிருந்து வருகிறது. கடத்தியின் உள்ளே எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகத்தை மாணவர்கள் முன்பே படித்திருக்கிறார்கள். உப்புக் கரைசலில் நேர் அயனியும் எதிர் அயனியும் எதிரெதிராகப் போவதையும் படித்திருக்கிறார்கள். அங்கே மின்விசை தள்ளுகிறது, மோதல்கள் தடுக்கின்றன, இரண்டும் சமப்படும்போது ஒரு சராசரி வேகம் கிடைக்கிறது. ஆகவே அது மின்புலத்தின் வழியிலேயே அமைகிறது, மின்னூட்டத்தின் குறிக்கேற்பத் திசை மாறுகிறது. நம் தகடுகளுக்கிடையே மோதலே கிடையாது. இங்கே நகர்வு மின்புலத்தின் திசையிலும் இல்லை, எதிர்த்திசையிலும் இல்லை. மின்புலம், காந்தப்புலம் ஆகிய இரண்டுக்கும் செங்குத்தாக, E × B என்ற திசையன் பெருக்கல் காட்டும் திசையில் இருக்கிறது. அந்தப் பெருக்கலில் q என்ற எழுத்தே வருவதில்லை, m-உம் வருவதில்லை. விடைத்தாளில் இழுப்புத் திசைவேகத்துக்கான கோவையில் நிறையைக் கண்டால், அந்த மாணவர் எதையோ மனப்பாடமாக இடம் மாற்றி எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த நகர்வின் சராசரி வேகம் E/B. அளவுகளைப் போட்டுப் பார்த்தால் அது 1000-ஐ 0.01-ஆல் வகுக்க வரும் ஈவு. அதாவது நொடிக்கு 100 கி.மீ. எலக்ட்ரானுக்கும் இதே வேகம்தான், புரோட்டானுக்கும் இதே வேகம்தான். வேறுபடுவது வளைவின் உயரம், அது 2mE/(qB²). எலக்ட்ரானுக்கு இது 0.11 மி.மீ. மட்டுமே, ஒரு வளைவை அது 3.6 நானோ நொடியில் முடித்துவிடுகிறது. புரோட்டானுக்கோ உயரம் 21 செ.மீ., ஒரு வளைவுக்கு ஆகும் காலம் 6.6 மைக்ரோ நொடி. தகடுகளுக்கிடையே 50 வோல்ட் இருந்தும் எலக்ட்ரான் எப்போதும் அடையக்கூடிய மிக அதிக ஆற்றல் ஏறக்குறைய 0.11 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே, ஏனெனில் அது 0.11 மி.மீ.க்கு மேல் விலகிச் செல்வதே இல்லை. 50 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதியவர்கள் அதை எதிரிலுள்ள தகடு வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

கூர்ந்து படித்தவர்கள் இந்நேரம் ஓர் ஐயத்தை எழுப்பியிருப்பார்கள். இடைவெளி 5 செ.மீ. என்றால் 21 செ.மீ. உயர வளைவு அதற்குள் எப்படி அடங்கும்? அடங்காது. நம் எடுத்துக்காட்டில் புரோட்டான் முதல் வளைவின் தொடக்கத்திலேயே, சுமார் 1.1 மைக்ரோ நொடியில், 1.8 செ.மீ. வலப்பக்கம் விலகியதும் எதிரிலுள்ள தகட்டில் மோதிவிடும். அதற்கு இழுப்புத் திசைவேகம் என்று ஒன்றைச் சொல்வதே பொருளற்றது. E/B என்ற விடை, துகள் ஒரு முழு வளைவையாவது முடிக்க இடம் இருந்தால்தான் செல்லுபடியாகும். இதே தகடுகளுக்கிடையே காந்தப்புலத்தை 0.025 டெஸ்லாவாக உயர்த்தினால் புரோட்டானின் வளைவு 3.3 செ.மீ. ஆகச் சுருங்கி இடைவெளிக்குள் அடங்கிவிடும், ஆனால் நகரும் வேகம் நொடிக்கு 40 கி.மீ. ஆகக் குறையும். காந்தப்புலம் வலுத்தால் துகள் வேகமாக நகரும் என்று எழுதுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மேனிலைப் பாடத்தில் E/B முதன்முதலாக வருவது, குறிப்பிட்ட வேகம் உடைய துகள்களை மட்டும் நேராகச் செலுத்தும் அமைப்பில். அங்கே மின்விசையும் காந்தவிசையும் சமமாகி ஒன்றையொன்று நீக்குகின்றன என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது சரிதான், E/B வேகத்தில் சரியான திசையில் நுழையும் துகளுக்கு வளைவின் உயரம் சுழி. மற்றத் துகள்கள் விலகிப் போய்விடும் என்று அடுத்து எழுதுகிறார்களே, அது எப்போதும் உண்மையன்று. அவையும் சராசரியாக அதே E/B வேகத்தில் அதே பக்கம்தான் நகர்கின்றன, நேர்கோட்டைவிட்டு விலகி விலகி மீண்டும் அதற்கே திரும்புகின்றன. நம் 0.01 டெஸ்லா புலத்தில் மெதுவான எலக்ட்ரான்களை 1 மி.மீ. பிளவின் வழியே விட்டால் ஒன்றுகூட வடிகட்டப்படாது. தாம்சன் 1897-இல் பயன்படுத்திய தகடுகளின் நீளம் 5 செ.மீ.; அவருடைய புலங்களில் எலக்ட்ரான் ஒரு வளைவை முடிக்க மீட்டர் கணக்கில் தொலைவு வேண்டும். தகடுகள் அந்த அளவுக்குக் குட்டையாக இருந்ததால்தான் அங்கே விலகல் வெறும் விலகலாகவே தெரிந்தது.

மோதல்கள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தலைக்கு மேலேயே சான்று இருக்கிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், தமிழ்நாட்டின் மேலே புவியின் காந்தப்புலம் பெரும்பாலும் கிடைமட்டமாக வடக்கு நோக்கியே இருக்கிறது. அதன் வலிமை சுமார் 0.00004 டெஸ்லா. பகலில் அயனி மண்டலத்தில் கிழக்கு நோக்கி மிக மெல்லிய மின்புலம் உண்டாகிறது. அதை ஒரு மீட்டருக்கு 0.8 மில்லிவோல்ட் என்று கொண்டால், கிழக்கையும் வடக்கையும் பெருக்க மேல்நோக்கிய திசை கிடைக்கிறது, வேகம் நொடிக்கு 20 மீட்டர். சுமார் 300 கி.மீ. உயரத்தில் மோதல்கள் அரிது என்பதால் எலக்ட்ரான்களும் அயனிகளும் சேர்ந்தே மேலே எழுகின்றன. சேர்ந்தே நகர்வதால் இந்த நகர்வு மின்னோட்டத்தைத் தருவதில்லை. ஆனால் 105 கி.மீ. அளவில் காற்று அடர்த்தி கூடுதல். அங்கே அயனிகள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் பலமுறை நடுநிலை மூலக்கூறுகளோடு மோதிவிடுகின்றன, எலக்ட்ரான்கள் மட்டும் E/B விதிப்படி நகர்கின்றன. ஒன்று மேலே நகர மற்றொன்று நின்றுவிடுவதால் மின்னூட்டங்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து, மேல்நோக்கிய வலுவான மின்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் எலக்ட்ரான்களை மேற்கே நகர்த்துவதால் அங்கே வலுவான மின்னோட்டம் பிறக்கிறது. பகல்நேரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோட்டத் தாரை இதுவே. திருநெல்வேலியின் புவிக்காந்த ஆய்வுக்கூடத்தில் பகல் நேரத்தில் காந்தப்புலம் கூடுவதாகப் பதிவாவது இதன் விளைவே.

மாணவர்களுக்கு இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திசையைக் காணும்போது துகளின் குறியைத் தொடாதீர்கள். E × B-ஐ மட்டும் போடுங்கள். வேகத்தை எழுதும் முன்பே 2mE/(qB²)-ஐக் கணக்கிட்டு, கொடுத்துள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். காந்தப்புலத்தின் வழியே மின்புலத்துக்குக் கூறு ஏதேனும் இருந்தால், அந்தத் திசையில் துகள் தடையின்றி முடுக்கப்படும் என்பதைத் தனியே எழுதுங்கள். E/B ஒளியின் வேகத்தை எட்டுமளவு பெரிதாக வந்தால் இந்த விடையை அங்கே எழுதாதீர்கள், ஏனெனில் அப்போது துகள் திரும்பி வருவதே இல்லை. வாயு இருக்கிறது என்று கேள்வியில் சொல்லியிருந்தால், இரு மோதல்களுக்கிடையே ஒரு சுற்று முடிகிறதா என்று பாருங்கள்.

உடன் பணிபுரியும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து எலக்ட்ரானை மட்டும் வரைந்து காட்டிவிட்டுப் பாடத்தை முடிக்காதீர்கள். அதே படத்தில், அதே கோட்டில் புரோட்டானையும் வரையச் சொல்லுங்கள். பாதையின் நான்கு இடங்களில் இரண்டு விசைகளின் அம்புக்குறிகளையும் மாணவரே போடட்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.