பேங்குக்கே அடகு கேட்கும் பேங்க்

குமுளியில் ஏலக்காய் யாவாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏந் தம்பி, எங்கிட்ட அடகு கேக்குறீங்க, சரி. ரிசர்வ் பேங்க் உங்களுக்குக் கடன் கொடுத்தாலும் அடகு கேக்குமாமே? பேங்கையே நம்பலேன்னா அப்புறம் யாரைத்தான் நம்பும்?"

முதலில் கிளையில் கடன் பிரிவு, அப்புறம் தலைமை அலுவலகத்தில் பேங்கின் பணத்தையும் பத்திரங்களையும் கவனிக்கும் கருவூலப் பிரிவு என்று இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலைதான் பார்த்தேன். இருந்தும் அவருக்கு நின்றபடியே பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் சரக்கிலிருந்தே தொடங்கலாம். கிடங்கில் இருக்கும் ஏலக்காய் மேல் கடன் கேட்டால் நாங்கள் முழு விலைக்குக் கொடுப்பதில்லை. 100 ரூபாய்ச் சரக்குக்கு 75 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 25 மார்ஜின். மத்திய வங்கிகள் இதையே ஹேர்கட் என்கின்றன. அவர் கடனைக் கட்டாமல் போனால் சரக்கை நாங்கள்தான் விற்க வேண்டும். நோட்டீஸ் போய், நாள் தள்ளி, ஏலத்துக்கு வருவதற்குள் பச்சை நிறம் மங்கிவிடும், விலையும் இருந்த இடத்தில் இருக்காது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது நம்ம பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. 2022-இல் அதே காய் ஆயிரத்தைத் தொடத் திணறியது. அந்த உச்ச விலையை வைத்துச் சரக்கை மதிப்பிட்டுக் கடன் கொடுத்த ஒரு கிளையை எனக்குத் தெரியும் (பெயர் வேண்டாம்). அங்கே மார்ஜின் 25 இருந்தும் போதவில்லை.

ஆக, மார்ஜின் என்பது கடன் வாங்குகிறவர் நாணயமானவரா என்பதற்கான விலை இல்லை. அவர் கைவிட்ட நாளிலிருந்து நாம் சரக்கை விற்றுக் காசாக்கும் நாள் வரைக்கும் விலை எவ்வளவு இறங்கலாம் என்ற கணக்குதான் அது. அண்ணாச்சி கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ஒரு பேங்கின் நாணயத்தை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து அலசிக்கொண்டிருக்க ரிசர்வ் வங்கிக்கு நேரமில்லை, நல்ல ஈடு கையில் இருந்தால் அலச வேண்டிய அவசியமும் இல்லை. நஷ்டம் வந்தால் அது பொதுப்பணம் வேறு.

பேங்குகள் பத்திரத்தை ஈடு கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கு ரெப்போ என்று பெயர். அதில் ரிசர்வ் வங்கி எதை எடுக்கும்? பட்டியல் சின்னது: மத்திய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான கருவூல பில், மத்திய அரசின் நீண்டகாலப் பத்திரம், மாநில அரசுகளின் கடன் பத்திரம். கம்பெனி ஷேர், நிலம், நாங்கள் கொடுத்த வீட்டுக்கடன் எதுவும் அந்தக் கவுன்டரில் செல்லாது. 2018-க்கு முன்னால் மத்திய அரசுப் பத்திரம் எல்லாவற்றுக்கும் ஒரே மார்ஜின்தான். அந்த வருடம் ஆகஸ்டிலிருந்து பத்திரம் முடிய மீதி இருக்கும் காலத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். மத்திய அரசுப் பத்திரங்களுக்கு 0.5 முதல் 4 சதவீதம், மாநிலப் பத்திரங்களுக்கு 2.5 முதல் 6.

ஏன் காலத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 7 சதவீத வட்டியில் மூன்று பத்திரங்கள், மூன்றும் இன்றைக்கு 100 ரூபாய் என்று வைப்போம். நாளைக்கே சந்தை வட்டி 8 ஆகிவிடுகிறது. 7 மட்டும் தரும் பழைய பத்திரத்தை இனி யாரும் 100 கொடுத்து வாங்க மாட்டார்கள். 91 நாளில் முடிகிற பில் கால் ரூபாய் இறங்கும், அவ்வளவுதான். பத்து வருடம் மீதி இருப்பது 93 சொச்சத்துக்கு வரும். முப்பது வருடப் பத்திரமோ 89-க்கும் கீழே போய்விடும். மூன்றையும் எழுதிக் கொடுத்தது ஒரே அரசு, மூன்றிலும் பணம் வராது என்ற பயம் இல்லை, ஆனாலும் நடுவில் விற்க வேண்டியிருந்தால் நஷ்டம் வேறு வேறு. ஒரே நாளில் 1 சதவீதம் ஏறுவது அபூர்வம் என்பதால்தான் மார்ஜின் 11 இல்லாமல் 4-இல் நிற்கிறது.

மாநிலப் பத்திரத்துக்கு ஏன் கூடுதல்? கேரளம் கொடுக்காது, தமிழ்நாடு கொடுக்காது என்ற சந்தேகத்தால் இல்லை. அந்தப் பத்திரங்கள் சந்தையில் அவ்வளவாகக் கைமாறுவதில்லை. அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான். வண்டன்மேட்டில் தினமும் ஆள் வரும் சரக்குக்கும், வாங்க நாலு பேர் மட்டும் இருக்கிற சரக்குக்கும் உள்ள வித்தியாசம் அது.

வெளிநாட்டில் பட்டியல் இதைவிட நீளம். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வீட்டுக்கடன், கார் கடன், ஏன், கிரெடிட் கார்டு பாக்கியைக்கூட எடுக்கும். ஐரோப்பிய மத்திய வங்கி கம்பெனிகளுக்குப் பேங்க் கொடுத்த கடனையும் எடுக்கும், ஆனால் எளிதில் விற்க முடியாததாக இருந்தால் வெட்டு பெரிதாகவே இருக்கும். ஒன்றில் மட்டும் அவர்கள் கண்டிப்பு. ஒரு பேங்க் தானே வெளியிட்ட சாதாரணக் கடன் பத்திரத்தைத் தன் கடனுக்கே ஈடாக வைக்க முடியாது. பேங்க் விழுந்தால் ஈடும் அதே நாளில் விழும், அப்போது எவ்வளவு மார்ஜின் வைத்தும் பிரயோஜனமில்லை. சொந்தத் தம்பியையே ஜாமீன்தாரராகக் கூட்டிவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த விதி ஞாபகம் வரும்.

இனி தவறு நடக்கிற இடம். ஈடு இருப்பதும், அதை எடுத்துக் கொடுக்க முடிவதும் வேறு வேறு. 10,000 கோடி வைப்புப் பொறுப்பு உள்ள ஒரு பேங்க் 2,000 கோடிக்கு அரசுப் பத்திரம் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் வசதியாகத் தெரியும். ஆனால் வைப்பில் ஒரு பங்கை எப்போதும் அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதற்குப் பெயர் எஸ்.எல்.ஆர். அதன்படி 18 சதவீதம், அதாவது 1,800 கோடி, கட்டுண்டு கிடக்கிறது. ரெப்போவுக்கு மிச்சம் 200 கோடி, எல்லாம் நீண்டகாலப் பத்திரமாக இருந்து 4 சதவீதம் வெட்டினால் கைக்கு வருவது சுமார் 192. அதற்கு மேல் வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் அவசரக் கடன் வசதியான எம்.எஸ்.எஃப். ஜன்னலுக்குப் போகலாம். அங்கே எஸ்.எல்.ஆர்.-இலிருந்தே வைப்பில் 2 சதவீதம் வரைக்கும் எடுத்து வைக்க விடுவார்கள், வட்டி ரெப்போவைவிடக் கால் சதவீதம் கூட. ஆக 2,000 கோடி என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு ராத்திரியில் கிடைப்பது 400 கோடிக்குள். புதிதாகக் கருவூலப் பிரிவுக்கு வருகிறவர்கள் இதில் தடுக்கி விழாமல் இருந்து நான் பார்த்ததில்லை, நானும் விழுந்திருக்கிறேன்.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி பேங்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். மார்ச் 9 ஒரே நாளில் 42 பில்லியன் டாலர் வெளியே போனது. அவர்களிடம் பத்திரங்கள் மலைபோல இருந்தன, ஆனால் ஃபெட்டிடம் முன்கூட்டி ஒப்படைத்து வைத்தது கொஞ்சம்தான், வேறு இடங்களில் ஈடாக இருந்ததை அந்த அவசரத்தில் மாற்றவும் முடியவில்லை. ஒத்திகைப் பரிவர்த்தனைகூடப் பார்த்து வைக்கவில்லை என்று ஃபெட்டின் ஆய்வே பின்னால் சொன்னது. மறுநாள் பேங்க் மூடப்பட்டது.

மார்ச் 12 அன்று ஃபெட் ஒரு தனித் திட்டம் அறிவித்தது: பத்திரத்தின் சந்தை விலை என்னவாக இருந்தாலும் அதில் எழுதியிருக்கும் முகமதிப்புக்கே ஒரு வருடம் வரை கடன். ஹேர்கட் கிடையாது, விலை இறங்கியதையும் கணக்கில் எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் அங்கே தலைகீழ். 85 டாலர் பெறுமானத்துக்கு 100 கொடுப்பது எனக்கு இன்றும் நெருடுகிறது. ஆனால் மற்ற பேங்குகள் பயத்தில் பத்திரத்தை அடிமாட்டு விலைக்கு விற்காமல் நிறுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். நஷ்டம் வந்தால் தாங்க அமெரிக்க அரசின் கருவூலத் துறையுடைய 25 பில்லியன் டாலர் முட்டு பின்னால் இருந்தது. ஒரே வருடத்தில், 2024 மார்ச் 11-இல், புதுக்கடனை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் அதே டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது. அவர் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. "ரிசர்வ் பேங்க் உங்களுக்கு நாலு சதவீதம்தான் வெட்டுது, நீங்க மட்டும் எனக்கு இருபத்தஞ்சு வெட்டுறீங்களே?" 2019 விலையை நினைத்துப் பாருங்கள் என்றேன். அந்த வருடம் தான் சரக்கை 7,000-க்கு விற்கவில்லையே என்ற பழைய வருத்தத்தை அவர் ஆரம்பித்துவிட்டார்.